மூணாம் மாடியில் பழுது, ஆறாம் மாடியில் ஏன் இருட்டு?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன். சிங்கப்பூரில் ஓர் உணவுத் தொழிற்கூடக் கட்டடம், ஆறு மாடி. மொத்தமும் இருட்டு. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆறாம் மாடியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் அண்ணன் ஒருவர் சுவிட்ச்ரூம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். குளிரறையில் மாவு கிடக்கிறது, நேரம் போனால் புளித்துவிடும். "தம்பி, மூணாவது மாடியிலதான் ஏதோ வெடிச்சுதாம். எங்க மாடிக்கு ஏன்பா கரண்ட் போச்சு?" என்றார்.

சரியான கேள்வி. மெயின் போர்டிலிருந்து மாடிகளுக்கு மேலேறும் கேபிள்தான் ரைசர். முதல் மூன்று மாடிகளுக்கு ஒரு ரைசர் கேபிள், மேல் மூன்று மாடிகளுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி பிரேக்கர். மூணாம் மாடி ரைசரின் ஜாயின்ட் பெட்டியில் கழுவுநீர் சொட்டிச் சொட்டி ஊறி ஷார்ட் ஆகியிருந்தது. கீழ் ரைசரின் பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால் மாவு அண்ணன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மின்னோட்டம் மீறினால் பிரேக்கரை விழச் சொல்லும் கருவி ரிலே. அது அப்படிச் சொன்னதற்கு அடையாளமாக அதில் ஒரு சிவப்புக் கொடி விழும். நான் முதலில் பார்த்தது அந்தக் கொடிகளை. கீழ் ரைசர் ரிலேயில் கொடி விழுந்திருந்தது, அந்த பிரேக்கரும் திறந்து மின்சாரத்தை அறுத்திருந்தது. கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் உள்ளே வரும் மெயின் பிரேக்கரை இன்கமர் என்போம். அந்த இன்கமர் ரிலேயிலும் கொடி, அந்த பிரேக்கரும் திறந்திருந்தது. இது முக்கியமான தடயம். ரைசர் பிரேக்கர் மூடியபடியே இருந்து இன்கமர் மட்டும் விழுந்திருந்தால், கீழே உள்ள ரிலேயோ பிரேக்கரோ வேலை செய்யவில்லை என்று பொருள். இரண்டும் விழுந்திருந்தால் இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் இது. மூணாம் மாடி ஷார்ட்டுக்குப் போகும் மின்னோட்டம் முழுதும் முதலில் இன்கமரைத் தாண்டித்தான் போகிறது. ஆகவே இரண்டு ரிலேயும் பழுதை ஒரே நொடியில் பார்க்கின்றன. பழுது எங்கே என்று இன்கமர் ரிலேவுக்குத் தெரியாது. எத்தனை ஆம்பியர் என்பது மட்டும்தான் தெரியும். 'கீழே இருப்பவனுக்கு முதல் வாய்ப்பு' என்பதை நேரத்தால்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதைத்தான் டைம் கிரேடிங் என்கிறோம்.

அங்கே இருந்தவை சுழல்தட்டு வைத்த பழைய ரிலேக்கள். மின்னோட்டம் கூடக் கூட வேகமாக விழும் வகை. அதன் கணக்கு:

```
t = TMS × 0.14 / (M^0.02 − 1)
```

t என்பது ரிலே விழ எடுக்கும் நொடி. அமைப்பு மின்னோட்டம் என்பது எத்தனை ஆம்பியரைத் தாண்டினால் ரிலே ஓடத் தொடங்க வேண்டும் என்று நாம் அமைத்துவைப்பது. M என்பது பழுது மின்னோட்டம் அதைப் போல எத்தனை மடங்கு என்பது. TMS என்பது நாம் டயலில் திருப்பி வைக்கும் நேரப் பெருக்கி. ரைசர் ரிலே 800 ஆம்பியருக்கு அமைத்தது, இன்கமர் 1600 ஆம்பியருக்கு. அன்றைய ஷார்ட் சுமார் 8,000 ஆம்பியர் என்று கேபிள் நீளத்தை வைத்துக் கணக்கிட்டேன். ரைசருக்கு 10 மடங்கு, இன்கமருக்கு 5 மடங்கு. இரண்டிலும் டயல் 0.1இல் நின்றது. கணக்கில் ரைசர் 0.30 நொடியில் விழ வேண்டும், இன்கமர் 0.43 நொடியில்.

இடைவெளி 0.13 நொடி இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். என்னோடு வந்த பையனும் அதையேதான் கேட்டான். "அண்ணே, முதல்ல ரைசர்தானே விழுது?"

ரைசர் ரிலே 'விழு' என்று சொன்ன கணத்தில் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. பிரேக்கரின் தொடுமுனைகள் பிரிந்து, வில்பொறி அணைய ஏறக்குறைய 0.08 நொடி. மின்னோட்டம் நின்ற பிறகும் இன்கமர் ரிலேயின் தட்டு, பிரேக் போட்ட சைக்கிள் சக்கரம்போல, இன்னும் கொஞ்சம் சுற்றும். அதற்கு 0.05 நொடி. இதற்கு மேல் ரிலேயின் பிழை. ரைசர் ரிலே 5 விழுக்காடு மெதுவாகவும் இன்கமர் 5 விழுக்காடு வேகமாகவும் ஓடினால், ரைசர் 0.31, பிரேக்கரோடு 0.39, தட்டின் ஓட்டத்தோடு 0.44. இன்கமரோ 0.41இலேயே கதவைத் தட்டிவிடும். அன்று நடந்தது இதுதான். இதனால்தான் புதிய டிஜிட்டல் ரிலேக்களுக்கு 0.3, பழைய தட்டு ரிலேக்களுக்கு 0.4 நொடி இடைவெளி விடுவது வழக்கம்.

இதில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. ஆண்டுச் சோதனை அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ரிலேக்களுக்கும் மின்னோட்டம் செலுத்திச் சோதித்து, இரண்டுக்கும் 'தேறியது' என்று முத்திரை. பொய் இல்லை. எத்தனை ஆம்பியருக்கு எத்தனை நொடி என்று காட்டும் தன் வளைவில் ஒவ்வொன்றும் சரியாகத்தான் ஓடியது. இரண்டு வளைவையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக யாரும் வரைந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிர்வாகம் இரண்டு ரிலேயையும் டிஜிட்டலுக்கு மாற்றச் சம்மதித்திருந்தது. ஆகவே 0.3 நொடி போதும். 8,000 ஆம்பியரை வைத்துப் பார்த்தால் இன்கமர் டயலை 0.15க்கு ஏற்றினால் 0.64 நொடி வருகிறது. இடைவெளி 0.34. இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நிறுத்தக்கூடாது, ஏனென்றால் மின்னோட்டம் ஏற ஏற வளைவுகள் ஒன்றையொன்று நெருங்கும். அந்த மெயின் போர்டுக்கு நீண்ட கேபிள் வழியாகத்தான் சப்ளை வருகிறது, அங்கே வரக்கூடிய உச்சப் பழுது 16,000 ஆம்பியர். ரைசர் கேபிள் போர்டிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஷார்ட் ஆனால் ரைசர் ரிலேவுக்கு 20 மடங்கு, 0.23 நொடி. இன்கமருக்கு 10 மடங்கு, 0.45 நொடி. இடைவெளி 0.22ஆக இளைத்துவிடுகிறது. டயலை 0.18க்கு ஏற்றினால்தான் இன்கமர் 0.53 நொடிக்குப் போய் 0.3 கிடைக்கிறது. இடைவெளியை எப்போதும் உச்சப் பழுதில் வைத்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் பேசாமல் டயலை 0.4இல் வைத்துவிடலாமே என்று கட்டட மேலாளர் கேட்டார். கூடாது. மெயின் போர்டுக்குள் எல்லா பிரேக்கர்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரிலேயே ஷார்ட் ஆனால் அதை அறுக்க வேண்டியது இன்கமர்தான். டயல் 0.4இல் இருந்தால் 16,000 ஆம்பியர் ஒரு நொடிக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் எரியும். எதிரே யாராவது பேனலைத் திறந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. மேலே மின்கட்டமைப்பு நிறுவனத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. நாம் நேரத்தை ஏற்றிக்கொண்டே போனால், நமக்கு முன் அவர்களுடையது விழும், அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்து இருளும். கீழிருந்து மேலே ஒவ்வொரு படிக்கும் 0.3 கூட்டிக்கொண்டே போனால் மூன்று நான்கு படியில் கையிருப்பு தீர்ந்துவிடும். பழுது மிகப் பெரியதாக இருக்கும் இடத்தில்தான் மிகத் தாமதமாக அறுபடுகிறது என்பது இந்த முறையின் பிறவிக் குறை.

இதுவரை சொன்னது ஓவர்கரண்ட் ரிலே. மின்சாரம் எர்த்துக்குக் கசிவதைப் பிடிக்கும் எர்த் ஃபால்ட் ரிலேக்கு இதே கணக்கை இன்னொரு முறை தனியாகப் போட வேண்டும். அதன் அமைப்பு மின்னோட்டம் வேறு, ஆகவே மடங்கும் வேறு. ஓவர்கரண்ட்டைச் சரிசெய்த கையோடு இதை மறந்துவிட்டு, அடுத்த மாதம் வேறொரு மாடியின் நனைந்த சாக்கெட்டுக்கு மொத்தக் கட்டடமும் விழுந்ததை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கட்டடத்தில் அடுத்த ஆண்டுச் சோதனை முடிந்ததும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் 'தேறியது' அறிக்கையோடு இன்னொரு தாளும் கேளுங்கள்: இன்கமர், அதற்குக் கீழே உள்ள பெரிய பிரேக்கர் என இரண்டின் வளைவும் ஒன்றாக வரைந்து, உச்சப் பழுதில் இடைவெளி எத்தனை நொடி என்று எழுதிய தாள். நான் அந்தத் தாளை பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன். டயலைத் திருப்ப வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கட்டும்.