மேம்பாலம் திறந்தாச்சு, காருக்கு இன்னும் தெரியாது

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்ட பாலம். நேவிகேஷன் உள்ளேயே பொருத்தி வருகிற ஒரு காரில், வரைபடத்தைப் புதுப்பிக்காமல் இந்தப் பாலத்தில் ஏறினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். கார் மேலே தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். திரையோ "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லலாம். இடதுபுறம் இருப்பது கைப்பிடிச் சுவர்தான்.

ஜிபிஎஸ் கெட்டுப்போய்விட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில், பாலத்தின் மேல் வானம் முழுசாகத் திறந்திருப்பதால் ஜிபிஎஸ் அங்கே நன்றாகவே வேலை செய்யும். அது தரும் இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஜிபிஎஸ் தருவது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்தச் சாலையில் இருக்கிறது என்று முடிவு செய்வது காருக்குள் இருக்கும் மென்பொருளின் வேலை. புள்ளிக்குப் பக்கத்தில் என்னென்ன சாலைகள் வரைபடத்தில் இருக்கின்றன, கார் எந்தத் திசையில் போகிறது, சற்று முன்பு எந்தச் சாலையில் இருந்தது என்றெல்லாம் பார்த்து, பொருத்தமான ஒன்றின் மேல் காரை அது ஒட்டவைக்கும். அதன் கைவசமுள்ள வரைபடத்தில் மேம்பாலம் இல்லை. நேர் கீழே, அதே திசையில், பழைய அவிநாசி சாலை இருக்கிறது. எனவே கொஞ்சமும் சந்தேகமில்லாமல் காரைக் கீழ்ச் சாலையில் வைத்துவிடும்.

அதற்குப் பிறகு வருகிற எல்லாமே கீழ்ச் சாலையின் கணக்குதான். நவ இந்தியா, ஹோப் காலேஜ் பக்கத்துச் சந்திப்புகளின் திருப்பங்கள், கீழே உள்ள வேக வரம்பு, நின்று நின்று போகும் வேகத்தை வைத்துப் போட்ட வந்துசேரும் நேரம் என்று வரிசையாகத் தப்பாகும். ஜிபிஎஸ் உயரத்தையும் சொல்லுமே, அதை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். உயரத்தில் அதன் பிழை பக்கவாட்டுப் பிழையைவிடப் பெரிது. பாலத்துக்கும் சாலைக்கும் உள்ள சில மீட்டர் வித்தியாசம் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடலாம். சில கார்களில் ஏற்றம் இறக்கத்தை உணரும் சென்சார் உண்டு. ஆனால் ஏறிவிட்டோம் என்று தெரிந்தாலும், ஏறிய இடம் வரைபடத்தில் இல்லாவிட்டால் காரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மும்பையின் அடல் சேது இதற்கு நேர் எதிர். 2024 ஜனவரி 12 அன்று திறந்த, சுமார் 22 கிலோமீட்டர் நீளப் பாலம்; பெரும்பகுதி கடல் மேல் போகிறது. பழைய வரைபடத்தோடு அதில் போனால் பக்கத்தில் ஒட்டவைக்க எந்தச் சாலையும் இல்லை. திரையில் கார் நீல நிறத்துக்குள் மிதக்கும். அக்கரையில் தெரிந்த சாலை ஒன்றைத் தொட்டதும் தானாகச் சரியாகிவிடும். பார்க்க மோசமாக இருந்தாலும் இது எளிய சிக்கல், ஏனென்றால் வரைபடம் பழையது என்று ஓட்டுபவருக்கே உடனே புரிந்துவிடும். கீழே ஒரு சாலை இருக்கும்போது மேலே ஒன்று வருவதுதான் கஷ்டமானது.

இந்த வித்தியாசம் ஓட்டுபவரோடு நிற்பதில்லை, வரைபடம் தயாரிப்பவர்களையும் பாதிக்கிறது. புதுச் சாலை திறந்திருப்பதை அவர்கள் அறியும் வழிகளில் முக்கியமானது, ஓடும் வண்டிகளும் போன்களும் அனுப்பும், பெயர் நீக்கிய பயணத் தடங்கள். கடல் நடுவே ஆயிரக்கணக்கான தடங்கள் தெரிந்தால் அங்கே பாலம் வந்துவிட்டது என்று ஒரு நாளில் சொல்லிவிடலாம். அவிநாசி சாலையிலோ மேலே போகும் வண்டிகளின் தடமும் கீழே போகும் வண்டிகளின் தடமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அங்கே துப்பு கொடுப்பது வேகம்தான். ஒரே கோட்டில் ஒரு கூட்டம் நின்று நின்று போகிறது, இன்னொரு கூட்டம் எங்குமே நிற்காமல் போகிறது என்றால் அது இரண்டு சாலை. சாட்டிலைட் படமும் பாதிதான் உதவும். பாலத்தின் மேல்தளம் தெரியும், அதற்குக் கீழே எந்தப் பாதை எங்கே பிரிகிறது என்பது மறைந்துவிடும். கடைசியில் கேமராவும் லேசர் அளவியும் பொருத்திய சர்வே வண்டி நேரில் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், ஒரு கோடு போட்டால் போதாதா? காருக்குள் இருப்பது படம் இல்லை, இணைப்புகளின் பட்டியல். சாலை பிரியும், சேரும் ஒவ்வொரு இடமும் ஒரு கணு. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள துண்டு ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்புக்கும் நீளம், எந்தத் திசையில் போகலாம், வேக வரம்பு, எந்த வண்டிக்கு அனுமதி, கட்டணம் உண்டா என்று குறிப்புகள் உண்டு. அடல் சேதுவையே எடுத்துக்கொண்டால், அதில் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை, டோல் உண்டு. இரண்டையும் பதியாவிட்டால் கோடு சரியாக இருந்தும் வழி தப்பு.

பாலத்தில் நேராகப் போகும் நீளப் பகுதி சுலபமான வேலை. வேலை முழுவதும் ஏறுதளங்களிலும் இறங்குதளங்களிலும்தான். ஒவ்வொன்றும் ஒருவழி இணைப்பு. மேலே எங்கே பிரிகிறது, கீழே எந்தப் பக்கம் வந்து சேர்கிறது, சேர்ந்தவுடன் யூ-டர்ன் எடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். அதோடு, பாலம் பல குறுக்குச் சாலைகளைத் தாண்டிப் போகிறது. மேலிருந்து பார்த்தால் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. ஆனால் அங்கே கணு இருக்கவே கூடாது. எது மேல் அடுக்கு, எது கீழ் அடுக்கு என்று மட்டும் குறிக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு கணு விழுந்துவிட்டால், பாலத்தின் நடுவே திரும்பச் சொல்லும் வழி உருவாகிவிடும். வரைபடத்தில் தெரிகிற சாலை வழியில் வராமல் போவதற்கும் காரணம் இங்கேதான். கோடு வந்திருக்கும், ஏறுதளத்தின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கும். கணக்கைப் பொறுத்தவரை அது யாரும் ஏற முடியாத பாலம்.

சரி, எல்லாம் சரியாகப் பதிந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் நாள்காட்டி குறுக்கே வருகிறது. காருக்கான வரைபடம் பல கைகள் மாறி வருகிறது, ஒவ்வொரு கையிலும் ஒரு கடைசித் தேதி உண்டு. வரைபட நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை தரவை மூடுகிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். செப்டம்பர் 30 அன்று மூடியிருந்தால், அக்டோபர் 9 அன்று திறந்த மேம்பாலம் ஒன்பது நாளில் தவறிவிட்டது. அடுத்தது டிசம்பர் 31. அதற்குப் பிறகு அந்தத் தரவை, காரின் கணினி வேகமாகப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தொகுக்க வேண்டும்; கார் நிறுவனங்கள் பலவும் சேர்ந்து உருவாக்கிய என்டிஎஸ் என்ற பொது வடிவம் இதற்கு உண்டு. தொகுத்ததைக் கார் நிறுவனம் ஒவ்வொரு மாடலின் கருவியிலும் ஓட்டிச் சோதித்து, ஒப்புதல் தந்து, பிறகு வெளியிடும். இதற்குச் சில மாதங்கள் பிடித்தால் பாலம் உங்கள் திரைக்கு வர 2026-இன் நடுப்பகுதி ஆகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியிடும் நிறுவனமாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். நேற்று வாங்கிய காரில்கூடப் பழைய வரைபடம் இருப்பது இதனால்தான்; தொழிற்சாலையில் ஏற்றிய நாளில் கைவசம் இருந்த பதிப்பு அது.

பாலம் கட்டுவது வருஷக்கணக்காக எல்லோருக்கும் தெரியுமே, முன்கூட்டியே போட்டுவைக்கலாமே? வடிவத்தை முன்கூட்டியே வரைந்து, "கட்டுமானத்தில்" என்று குறித்து வைக்க முடியும். ஆனால் திறந்ததாகக் குறிக்க முடியாது. திறப்பு விழா தள்ளிப்போனால், இணையத் தொடர்பு இல்லாத காருக்கு அதை யாரும் போய்ச் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, முழுமையாக இல்லாத ஒரு பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றிப் போனதாகக் காவல்துறை கூறியது. இருக்கும் சாலையைக் காட்டாமல் விட்டால் சில நிமிடம் வீணாகும். இல்லாத சாலையைக் காட்டினால் உயிர் போகும். இதில் தாமதத்தின் பக்கம் சாய்வதுதான் சரி என்பேன்.

மேம்பாலத்தை மட்டும் தனியே அனுப்பாமல், பல ஜிபி கோப்பைப் பென் டிரைவில் ஏற்றச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தொலைதூர வழியைக் கணக்கிடும்போது கார் ஒவ்வொரு தெருவையும் பார்ப்பதில்லை. பெரிய சாலைகள் மட்டும் கொண்ட மேல் அடுக்கு ஒன்றைப் பார்க்கும். வரைந்து காட்டுவதற்கு ஒரு பகுதி, வழி கணக்கிட ஒரு பகுதி, பெயர் தேட ஒரு பகுதி என்றும் தரவு பிரிந்திருக்கும். புதுப் பாலம் வந்தால் இவை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் மாற வேண்டும், பக்கத்துப் பகுதியின் இணைப்புகளோடும் பொருந்த வேண்டும். பழைய கருவிகள் இந்தப் பொருத்தத்தை முழுத் தொகுப்பையும் மாற்றித்தான் உறுதி செய்துகொண்டன. இப்போது வரும் கார்கள் வட்டாரம் வட்டாரமாகச் சிம் வழியே புதுப்பித்துக்கொள்ளும். அதிலும் கவனம் வேண்டும்: சில கார்கள் வழக்கமாக ஓடும் பகுதியை மட்டும்தான் அப்படிப் புதுப்பிக்கும். சென்னையிலேயே ஓடும் காருக்குச் சென்னை புதிதாகவும் கோவை பழையதாகவும் இருக்கலாம்.

அதனால் அப்டேட் செய்த தேதியைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அமைப்புகளில் சாஃப்ட்வேர் பதிப்பு ஒன்று, வரைபடப் பதிப்பு ஒன்று என்று இரண்டு இருக்கும். வேண்டியது இரண்டாவது, அதில் பெரும்பாலும் ஆண்டும் மாதமோ காலாண்டோ இருக்கும். இதைவிட நல்ல சோதனை, உங்களுக்குத் தெரிந்த புதுச் சாலை ஒன்றை வைத்துப் பார்ப்பது. வண்டி நிற்கும்போது, உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை வழி கேட்டு, படிப்படியான குறிப்புகளைத் திறந்து பாருங்கள். மேம்பாலத்தில் ஏறச் சொல்கிறதா? படத்தில் பாலம் தெரிந்தும் குறிப்பில் அது வராவிட்டால், வேகமான வழியைத் தேர்ந்திருக்கிறோமா என்று ஒருமுறை சரிபாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இணைப்பு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படி ஒன்றைக் கண்டால் புகார் தரலாம், ஆனால் சரியான இடத்தில் தர வேண்டும். போனில் இருக்கும் வரைபடச் செயலியில் செய்த திருத்தம், உங்கள் காரின் வரைபடத்தை வேறு நிறுவனம் தயாரித்தால் அங்கே போய்ச் சேராது. காரின் வரைபடத் திரையில் ஓர் ஓரத்தில் தரவு யாருடையது என்று போட்டிருக்கும். அந்த நிறுவனத்தின் திருத்தப் பக்கத்தில் போய், "பாலம் இல்லை" என்று மட்டும் எழுதாமல், எந்த ஏறுதளம், எந்தத் திசையில் போகும்போது, இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப விடுகிறார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சர்வே வண்டி அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டிய விவரம் அதுதான்.