பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார், ஆனால் ரசித்தாரா?

போன மாதம் அம்மாவை சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் டோக்கன் 34, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 11. எதிர் வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், சுவரில் மின்னிய எண்ணைப் பார்த்தார், அப்புறம் பக்கத்திலிருந்த இளைஞர் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, "சாப்பாட்டுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும்னு சொன்னாங்க தம்பி. எந்த நாள் சாப்பாட்டுக்குன்னு கேக்காம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் "ஹஹ்" என்று ஒரு சின்ன மூச்சு விட்டார். இளைஞர் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். "எனக்கு 52 ஐயா. நான் நாளைக்குக் காலை டிபனுக்கு முன்னாடி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முன்பின் தெரியாதவர் நம் ஜோக்குக்குச் சிரித்தால் நிஜமாகவே ரசித்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம் எட்டு பத்து நொடிக்குள் கண்ணெதிரே நடந்து முடிந்தது. அந்த "ஹஹ்" இருக்கிறதே, அதுதான் இதில் முக்கியம்.

பேச்சை ஒலிப்பதிவு செய்து நொடி நொடியாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுத்துறை ஒன்று உண்டு. அதில் கெயில் ஜெஃபர்சன் என்பவர் 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து வால் மாதிரி ஒரு சிரிப்பை ஒட்டுகிறோமே, அது ஓர் அழைப்பு என்கிறார் அவர். "இதை விளையாட்டாகச் சொன்னேன், நீங்களும் வரலாம்" என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது. கேட்டவர் கூடவே சிரித்தால் அழைப்பை ஏற்றுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இன்னும் முடிவாகவில்லை, சொன்னவர் திரும்ப ஒருமுறை சிரித்துப் பார்ப்பதுண்டு. ஆனால் கேட்டவர் அந்த விஷயத்தையே எடுத்து சீரியஸாகப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் கதவு மூடிவிட்டது என்று பொருள். அந்த இளைஞர் "இல்லீங்க, டெஸ்ட்டுன்னா எட்டு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும்" என்று விளக்கம் கொடுத்திருந்தால் அதில் மரியாதைக் குறைவு எதுவுமே இருந்திருக்காது, உதவி கூட ஆகியிருக்கும், ஆனாலும் அது "எனக்கு இப்போது விளையாட மனமில்லை" என்பதுதான்.

சிரித்தாலே பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. பலரும் தவறுவது இங்கேதான். ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களோடு கடைவீதிகளிலும் நடைபாதைகளிலும் நின்று, 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் என்ன பேச்சு வந்தது என்று பார்த்தால், நகைச்சுவை என்று சொல்லத்தக்கது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் "சரி, அப்போ பார்க்கலாம்" ரகப் பேச்சு. இன்னொன்று, கேட்பவரைவிடப் பேசுபவரே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சிரித்தார். அதாவது சிரிப்பு பெரும்பாலும் உறவைச் சுமுகமாக வைத்துக்கொள்ளும் எண்ணெய். முன்பின் தெரியாதவர் பேச்சுக் கொடுத்தால், சங்கடத்தைத் தவிர்க்கவே நாம் சிரித்துவிடுகிறோம்.

கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். உண்மையான புன்னகையில் கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், வாய் மட்டும் விரிந்தால் அது ஒப்புக்கு என்று 1862-லேயே டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். பாதி பலிக்கும். ஒப்புக்குச் சிரிக்கும்போதே பலரும் கண்ணையும் சேர்த்துச் சுருக்கிவிடுவார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் நான் முகத்தை அவ்வளவாக நம்புவதில்லை.

நம்பத்தக்கது அடுத்த வாக்கியம். எதிரில் இருப்பவர் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்தாரா? இளைஞர் 52 என்ற தன் எண்ணைப் போட்டு, "நாளைக்கு" என்று பெரியவரின் ஜோக்கையே ஒரு படி நீட்டினார். ஒப்புக்குச் சிரிக்கிறவர் இதைச் செய்யவே மாட்டார், ஏனென்றால் சிரிப்பது சுலபம், சேர்ப்பதற்கு யோசிக்க வேண்டும். இரண்டாவது, வேகம். வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 10 மொழிகளில் எடுத்த அளவீடு ஒன்று 2009-ல் வெளிவந்தது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. ஒத்துப்போகிற பதில் சட்டென்று வரும், ஒத்துப்போகாதது கொஞ்சம் தயங்கி, "ம்ம்..." என்று இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவது, உடம்பு. இயர்போனைக் கழற்றுவது, முழங்கால் நம் பக்கம் திரும்புவது, இதெல்லாம் வரவேற்பு. பதில் சொல்லிக்கொண்டே கண் போனுக்குத் திரும்பிவிட்டால், போதும்.

பெரியவர் இன்னொரு விஷயத்தையும் சரியாகச் செய்தார். ஜோக்கை டாக்டர் தாமதத்தின் மேல் வைத்தார், அதுவும் தன் பசியைக் காட்டி. இரண்டு பேருக்கும் பொதுவாக எதிரில் நிற்கும் ஒன்றைப் பற்றிப் பேசினால், கேட்பவர் தன்னைப் பற்றி ஒன்றுமே வெளியே சொல்லாமல் சேர்ந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் ஒதுங்கியும் விடலாம். பஸ் வராததைச் சொல்லலாம், பக்கத்தில் நிற்பவரின் பையைச் சொல்லக்கூடாது.

இந்த அடையாளங்கள் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணி பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பெண்ணிடம் ஓர் ஆண் இதே ஜோக்கைச் சொன்னால், அவர் சிரிக்கலாம், பதில்கூடச் சேர்க்கலாம், காரணம் பயமாக இருக்கலாம்: எதிர்த்துப் பேசினால் ஆள் எப்படி மாறுவானோ என்று. எழுந்து போக முடியாதவரின் சிரிப்பைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. அந்த நேரத்தில் பேசாமல் நிற்பதே சரி.

மற்ற இடங்களில் நாம் தேவைக்கு மேல் தயங்குகிறோம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிகாகோவில் பஸ், ரயில் பயணிகளை வைத்துச் செய்த சோதனை 2014-ல் வெளியானது. பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் வேறு பயணிகளை முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது, பேசாமல் போவதுதான் நன்றாக இருக்கும் என்றார்கள். அதில் ஒரு காத்திருப்பு அறைச் சோதனையும் உண்டு: பேச்சைத் தொடங்கியவருக்கு மட்டுமில்லை, வலிய வந்து பேசப்பட்டவருக்கும் அதே அளவு பிடித்திருந்தது.

கிளினிக்கில் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். இளைஞர் டீ குடிக்க எழுந்துபோனார். அந்த இடத்தில், மடியில் குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பெரியவர் அதே சீட்டைக் காட்டி அதே ஜோக்கைச் சொன்னார், அதே "ஹஹ்". அந்தப் பெண் உதட்டளவில் சிரித்தார், "ஆமாங்க" என்றார், உடனே குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் திரும்பிவிட்டார். எதையும் சேர்க்கவில்லை. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார், இரண்டாவது ஜோக் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, பெரியவர் கண் அயர்ந்திருந்த நேரத்தில், அந்தப் பெண்தான் அவர் தோளருகே குனிந்து, "ஐயா, 29 உங்களுதுதானே? கூப்பிடுறாங்க. இன்னிக்குச் சாப்பாட்டுக்கே கிடைச்சிருச்சு" என்றார்.