பலித்த வாரங்களுக்கு மட்டும் டிக் அடிக்காதீர்கள்

கணக்குத் தாக்கல் செய்யும் சீசனில் இந்த வருடம் என்னிடம் வந்த, பங்குச் சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்களான எஃப் அண்ட் ஓ நஷ்டக் கணக்குகளில் மூன்று, ஜோதிடம் பார்த்துச் செய்த வியாபாரம். மூன்றாவதாக வந்தவர் பத்து வருடப் பழக்கம், தறி வைத்திருப்பவர். நஷ்டம் 6,40,000 ரூபாய். அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது, கூடவே அவர் கொண்டுவந்த நோட்டு.

ஞாயிற்றுக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வந்த ஜோதிடக் கணிப்புகளை 40 வாரம் அதில் எழுதி வைத்திருந்தார். பலித்ததற்குப் பச்சை மையில் டிக். "பாருங்க சார், 31 டிக் இருக்குங்க. கணிப்பு சரிதான், நான்தான் சரியா விளையாடல" என்றார்.

இந்தப் பேச்சை நான் எத்தனையோ பேர் வாயில் கேட்டுவிட்டேன். ஆகவே அன்று மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு, அந்த நோட்டை ஒரு தணிக்கை போலவே அவரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். போன வெள்ளிக்கிழமை நிஃப்டி குறியீடு முடிந்த இடத்தைவிட இந்த வெள்ளிக்கிழமை மேலே முடிந்தால் ஏற்றம், கீழே முடிந்தால் இறக்கம். நடுவில் என்ன நடந்தாலும் கணக்கில்லை. அப்புறம், அந்த வாரம் சந்தை என்ன ஆனது என்று பார்க்காமல், கணிப்பு வாசகத்தை மட்டும் படித்து "இது ஏற்றம் என்கிறதா, இறக்கம் என்கிறதா?" என்று அவரையே கேட்டேன்.

17 வாரங்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. "வாரத் தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தாலும் குருவின் பார்வையால் பிற்பகுதியில் ஆதரவு கிடைக்கும்" என்ற மாதிரி வாசகங்கள். சந்தை ஏறினால் ஆதரவு, இறங்கினால் தடுமாற்றம். எந்த வாரத்துக்கும் பொருந்தும். அதனால்தான் அந்தப் பதினேழுக்கும் டிக் விழுந்திருந்தது. எப்படி நடந்தாலும் தப்பாகவே ஆக முடியாத வாக்கியத்தைக் கணிப்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மீதி 23. அவற்றில் சரி 12, தப்பு 11. தப்பான பதினொன்றில் இரண்டுக்கு "புதன்கிழமை வரை ஏறியது" என்று அவராகவே டிக் போட்டிருந்தார்.

இங்கேதான் பலர் "பாதிக்கு மேல சரிதானே?" என்று மடக்குவார்கள். என்னை மிகவும் சலிக்கவைக்கும் கேள்வி இது, ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தை 23 தடவை சுண்டி, தலை விழுந்தால் ஏற்றம், பூ விழுந்தால் இறக்கம் என்று எழுதிக்கொண்டே போங்கள். அதில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு சரிபாதி. அப்படியானால் 12 சரி என்பதில் நாணயத்தைத் தாண்டிய திறமை எதுவும் தெரியவில்லை. இன்னொன்றும் செய்து பார்த்தோம். எல்லா வாரமும் கண்ணை மூடிக்கொண்டு "ஏற்றம்" என்றே எழுதியிருந்தால் அந்த 23 வாரங்களில் 13 சரியாக இருந்திருக்கும். ஜாதகக் கட்டமே பார்க்காத கணிப்பு, மாதாமாதம் பணம் கட்டி வாங்கிய கணிப்பை முந்திவிட்டது.

எத்தனை சரியாக இருந்தால் நம்பலாம்? நூறு கணிப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயமே 40 முதல் 60 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அறுபதைத் தாண்டினால் கவனிக்கத் தோன்றும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஆயிரம் பேர் நாணயம் சுண்டியே நூறு கணிப்பு சொன்னாலும், இருபதுக்கு மேற்பட்டவர்கள் 60 அல்லது அதற்கு மேல் எடுத்துவிடுவார்கள். உங்கள் நண்பர் சிபாரிசு செய்வது அந்த இருபதில் ஒருவரைத்தான், மற்றவர்கள் பெயர் உங்கள் காதுக்கே வராது. ஆகவே பழைய சாதனையைக் காட்டினால் வாங்கி வைத்துவிட்டு, "இன்று முதல் வரும் ஆறு மாதத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். பணம் போடாமல் தேதி, திசை, எந்த நாளின் முடிவு விலை என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதுங்கள்.

புதன் வக்ரத்தில் சந்தை விழும் என்பதும் இதே நோட்டுப் பிரச்சினைதான். வக்ரம் வருடத்துக்கு மூன்று முறையாவது வரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த 15 வர்த்தக நாளில் நாலைந்து நாளாவது சந்தை இறங்காமல் போவது அபூர்வம். வக்ரம் இல்லாத மூன்று வாரங்களிலும் இறங்கிய நாட்களை எண்ணி இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அது சோதனை. அந்தப் பக்கத்தை எண்ணியவர்கள் என்னிடம் இதுவரை வந்ததில்லை. தவிர, வக்ரம் எப்போது தொடங்கும் என்பது பஞ்சாங்கத்தில் எல்லோருக்கும் முன்பே தெரியும். விழும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எல்லோரும் அதற்கு முன்பே விற்பார்கள், விலை அன்றைக்கே இறங்கிவிடும்.

"பங்குச் சந்தையே தீபாவளிக்கு முகூர்த்த வர்த்தகம் நடத்துதுங்களே" என்று அவர் கேட்டார். நடத்துகிறார்கள். மும்பை பங்குச் சந்தையில் 1957 முதல் நடக்கிறது. ஆனால் அது புதுக்கணக்குத் தொடங்கும் சடங்கு. அந்த ஒரு மணி நேரத்தில் வாங்கியது ஏறும் என்று சந்தை யாருக்கும் சொல்லவில்லை. நல்ல நாள் பார்த்துக் கடை திறப்பதையும், ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகம் வைப்பதையும் நான் குறை சொல்லவே மாட்டேன், எங்கள் அலுவலகத்திலும் செய்கிறோம். ஆனால் சந்திராஷ்டமம் என்று ஜிஎஸ்டி தாக்கலைத் தள்ளினால் வட்டி 18 சதவீதம். செலவில்லாமல் நாளைத் தேர்ந்தெடுப்பது வேறு, நாளுக்காகப் பணத்தை இழப்பது வேறு.

அப்புறம், கணிப்பு சரியான 12 வாரங்களிலும் அவர் சம்பாதித்தாரா? ஐந்து வாரம் நஷ்டம்தான். ஒரு வாரத்தை மட்டும் காட்டுகிறேன். நிஃப்டி 24,000-ல் இருக்கும்போது, ஏறும் என்ற கணிப்பை நம்பி காலாவதியாகும்போது நிஃப்டி 24,300-ஐத் தாண்டியிருந்தால் மட்டுமே மதிப்புள்ள 24,300 கால் ஆப்ஷனை 90 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். காலாவதி நாளில் நிஃப்டி 24,180. கணிப்பு பலித்தது, ஆனால் 24,300-ஐத் தொடவில்லை, ஆகவே 90 ரூபாயும் பூஜ்யம். எவ்வளவு ஏறும், எதற்குள் ஏறும் என்று தெரியாமல் திசை மட்டும் தெரிந்து ஆப்ஷனில் பிழைக்க முடியாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆராய்ந்தபோது, எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கட்டணம் கட்டி நுழைகிறீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு "இந்தப் பங்கை வாங்கு, இந்த விலைக்கு விற்று விடு" என்று சொல்கிறவர், கிரகம் பார்த்துச் சொன்னாலும் சரி, செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். முதலீட்டு ஆலோசகர் என்றால் பதிவு எண் INA என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் INH. எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் பெயரோடு ஒத்துப்பாருங்கள். எண் இல்லை என்றால் அங்கேயே பேச்சை முடியுங்கள். லாபத்தில் பங்கு கேட்டு உங்கள் டிரேடிங் கணக்கின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்கிறவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், செபியில் பதிவு பெற்றவர் மீது scores.sebi.gov.in தளத்தில் புகார் செய்யலாம்.

நஷ்டம் வந்துவிட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தயவுசெய்து. எஃப் அண்ட் ஓ நஷ்டத்தைக் கெடு தேதிக்குள் காட்டினால் எட்டு வருடம் வரை வியாபார வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. தறிக்காரருக்கு அப்படித்தான் ஐடிஆர்-3 போட்டோம். அந்த நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. வரும் வாரங்களின் கணிப்பை அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒரு ரூபாய்கூட போடாமல். டிக் மட்டும் நான் போடுவதாகப் பேச்சு.