“ரொம்ப சீக்கிரம் முடிச்சிட்டீங்க!”: பாராட்டா, கிண்டலா?

“பதிவுக்குக் கீழே வரும் பதிலில் ஒருவர் பாராட்டுகிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நேரில் பேசும்போது குரலின் இழுவை, அழுத்தம், முகபாவம் மூன்றும் சேர்ந்து அதைச் சொல்லிவிடும். எழுத்தில் அவை இல்லை. கையில் மிஞ்சும் முக்கியமான தடயம் ஒன்றுதான்: சொன்ன சொல்லும் நடந்த விஷயமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது.

“அப்டேட் போட்டதிலிருந்து போன் நாலு தடவை தானா அணைஞ்சு போச்சு” என்ற பதிவுக்கு “அருமையான அப்டேட்!” என்று பதில் வந்தால் யாரும் குழம்புவதில்லை. போன் அணைவது கெட்டது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அதனால் புகழ்ச்சி உடனே தலைகீழாகிவிடுகிறது.

இப்போது இன்னொரு பதிவு. “மூணு மாசமா எழுதிட்டிருந்த கட்டுரையை இன்னைக்கு முடிச்சிட்டேன்.” பதில்: “அடேங்கப்பா, ரொம்ப சீக்கிரம் முடிச்சிட்டீங்க!” ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வருடம்கூட ஆகும் என்று அறிந்தவருக்கு இது மனமார்ந்த பாராட்டு. பத்திரிகைக் கட்டுரையை இரண்டு நாளில் எழுதிப் பழகியவருக்கு இது அப்பட்டமான நக்கல். சொற்கள் ஒன்றே, மாறுவது மூன்று மாதம் என்பதை எதோடு வைத்து அளக்கிறோம் என்ற அளவுகோல். அந்த அளவுகோல் பதிலில் எழுதப்படவே இல்லை, படிப்பவர் தலைக்குள் இருக்கிறது. தொனியைத் தவறாகப் புரிந்துகொள்ளும் பல சண்டைகளின் வேர் இங்கேதான்.

அப்படியானால் எழுதியவருக்கே இது தோன்றாதா? இதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று அது. மாணவர்கள் சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிலவற்றை மின்னஞ்சலில், சிலவற்றைக் குரலில். எது கிண்டல் என்று பெறுபவர் சொல்ல வேண்டும். எந்த வழியில் அனுப்பினாலும் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக வந்துவிடும்! அனுப்பியவர் அறிமுகமில்லாதவராக இல்லாமல் நண்பராக இருந்தபோதும் மின்னஞ்சலில் துல்லியம் கூடவில்லை.

காரணம் இதுதான். எழுதும்போது வாக்கியம் நம் மனதுக்குள் நம் குரலிலேயே ஒலிக்கிறது. “சீக்கிரம்” என்ற சொல்லை அங்கே நாம் ஏற்கெனவே இழுத்துவிட்டோம். அந்த இழுவை திரையில் இல்லை என்பதை உணர, நமக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் பாவிக்க வேண்டும். மூளைக்கு அது மிகக் கடினமான வேலை. இதை உறுதிப்படுத்த அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சிலரைத் தங்கள் வாக்கியங்களை நினைத்த தொனிக்கு நேர்மாறான தொனியில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய மிகை நம்பிக்கை குறைந்தது. மனதுக்குள் ஒலித்த குரலை வேறொரு குரல் மறித்ததும், வாக்கியம் இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியது என்பது அவர்களுக்கே புலப்பட்டது.

பதிலை அனுப்புமுன் இதை நீங்களும் செய்து பார்க்கலாம். கிண்டலாக எழுதியதை உருகி உருகிப் பாராட்டும் தொனியில் ஒருமுறை படியுங்கள். அப்படியும் இயல்பாக ஒலித்தால், சிலர் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நட்பாகத் திட்டும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியம். திட்டுக்குப் பின்னால் பாராட்டு இருப்பதை ஊகிப்பது, பாராட்டுக்குப் பின்னால் திட்டு இருப்பதை ஊகிப்பதைவிடக் கடினம். பதிலைப் படிப்பவருக்கும் ஒரு வழி உண்டு: “இதை எழுதியவர் எதை இயல்பு என்று நினைத்திருந்தால் இது பாராட்டாகும்?” என்று கேட்டுப் பாருங்கள். நம்பத்தக்க விடை ஒன்று கிடைத்தால் சண்டைக்குப் போகுமுன் எழுதியவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கணினியும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. ரெடிட் தளத்தில் கிண்டலாக எழுதுபவர்கள் வாக்கியத்தின் முடிவில் `/s` என்று போடும் வழக்கம் உண்டு. கிண்டலை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, அதை வைத்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 13 லட்சம் கிண்டல் வாக்கியங்களைத் திரட்டினார்கள். வேறொருவர் ஊகித்து ஒட்டிய அடையாளத்தைவிட எழுதியவரே போட்டது நம்பகமானது என்பதால், இப்படிப்பட்ட திரட்டுகளைத் தமிழிலும் உருவாக்க நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தவறாகப் புரிந்துகொள்வார்களோ என்று சந்தேகப்பட்டவர்தான் `/s` போடுகிறார். “எல்லோருக்கும் புரியும்” என்று நம்பி எழுதியவரின் கிண்டல், அதே திரட்டில் ‘கிண்டல் அல்ல’ என்ற பக்கத்தில் போய்ச் சேர்கிறது.