இன்னும் எத்தனை மதிப்பெண் வேண்டும்?

"450 மதிப்பெண், தரவரிசை 2,275. ஆயிரத்துக்குள் வர இன்னும் எத்தனை மதிப்பெண் வேண்டும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். "ஒரு மதிப்பெண்ணுக்கு நூறு இடம்" என்று யாரோ சொன்னார்களாம். எல்லா இடத்துக்கும் பொருந்தும் அப்படியொரு விகிதம் கிடையாது.

தரவரிசை என்பது உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டியதுதான். 450 எடுத்தவர் 451க்கு ஏறினால், 450இல் அவருடன் நின்றவர்களைத் தாண்டியதால் அவருக்கு ஓர் இடமும் கூடாது. அவர்கள் ஏற்கெனவே அதே வரிசையில் இருந்தவர்கள். 451இல் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை இடங்கள்தான் அவர் முன்னேறுவார். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: மேலே அடுத்தடுத்த மதிப்பெண்களில் நெரிசல் எவ்வளவு?

கணக்குக்காக ஒரு தேர்வை வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் எழுதுகிறார்கள், மொத்தம் 600 மதிப்பெண், சராசரி 300, மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கம் 75, பரவல் மணி வடிவம், அதாவது நடுவில் கூட்டம், ஓரங்களில் ஆட்கள் குறைவு. 300ஐ ஒட்டி ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 530 பேர் நிற்பார்கள். 450ஐ ஒட்டி 72 பேர். 525ஐ ஒட்டி வெறும் 6 பேர்.

இந்த 72ஐத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். 445க்கு உரிய வரிசை சுமார் 2,660, 455க்கு 1,940. இடையில் 720 பேர். பத்தால் வகுத்தால் 72. வாசகியின் இலக்கு இரண்டாயிரம் என்றால் இதுவே போதும். தாண்ட வேண்டியவர்கள் 275 பேர், 72ஆல் வகுக்க ஏறக்குறைய 4 மதிப்பெண். மணி வடிவத்தை வைத்து நேராகக் கணக்கிட்டாலும் 454தான் வருகிறது.

ஆயிரம் என்றால் கதை வேறு. தாண்ட வேண்டியவர்கள் 1,275 பேர். 72ஆல் வகுத்தால் 18 மதிப்பெண் என்று வரும். அது தவறு. நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான்: ஏற ஏற வழியில் ஆட்கள் குறைகிறார்கள். 450இலிருந்து 460 வரை ஏறினால் 630 பேரைத் தாண்டலாம்; வரிசை 1,645. அடுத்த பத்து மதிப்பெண்ணில் 475 பேர்தான் இருக்கிறார்கள், வரிசை 1,170. இன்னும் 170 பேர் வேண்டும், ஆனால் இப்போது ஒரு மதிப்பெண்ணுக்கு 37 பேர்தான். ஆக, மேலும் 4.6. மொத்தம் 25 மதிப்பெண். நீங்கள் நிற்கும் இடத்தின் நெரிசலை மட்டும் நம்பினால் ஏழு மதிப்பெண் குறைவாகக் கணித்துவிடுவீர்கள். பத்துப் பத்தாக ஏறி, ஒவ்வொரு படியிலும் புதிதாக எண்ணுவதே வழி.

படி எவ்வளவு அகலம் இருக்கலாம்? உச்சியில் ஒரே மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் 6 பேர் என்பது தற்செயலாக 3 ஆகலாம், 9 ஆகலாம். இப்படிப்பட்ட எண்ணிக்கையின் தற்செயல் ஊசலாட்டம் ஏறத்தாழ அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். பத்து மதிப்பெண்களைச் சேர்த்து எண்ணினால் 60 பேர், ஊசலாட்டம் 8. ஐம்பதைச் சேர்த்தால் ஊசலாட்டம் இன்னும் அடங்கும், ஆனால் வளைவும் அதில் மறைந்துபோகும். கூட்டம் உள்ள இடத்தில் குறுகலாகவும் உச்சியில் அகலமாகவும் எடுங்கள்.

மதிப்பெண் தரும் முறையும் ஒரு வேலை செய்யும். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்ற தேர்வில் 599, 598, 597 யாருக்கும் வராது. ஒரு கேள்வியை விட்டால் 596, தவறாக எழுதினால் 595. அடுத்து 594, 593, 589 ஆகியவையும் காலி. 588இலிருந்துதான் இடைவெளி இல்லாமல் எண்கள் வரும். அந்த ஓட்டைகளைப் பார்த்து "இங்கே போட்டியே இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

இத்தகைய தேர்வில் ஒரு தவறான விடையைச் சரியாக்கினால் ஐந்து மதிப்பெண். 450இல் அது சுமார் 340 இடங்கள். 300இல் 2,650 இடங்கள். 525இல் 27 மட்டுமே.

தேர்வு நடத்துவோர் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை பேர் என்ற பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் எதுவும் தேவையில்லை, மதிப்பெண், ஆட்களின் எண்ணிக்கை என்று இரண்டு நெடுவரிசைகள் போதும். அது இருந்தால் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்து இந்த ஆண்டைக் கணிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வினாத்தாள் எளிதாக இருந்தால் கூட்டம் முழுவதும் மேலே நகரும். போன ஆண்டின் 450 இந்த ஆண்டு 470 ஆகலாம். அதனால் மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், நூறு பேரில் எத்தனையாவது என்ற விகிதத்தை எடுத்து, இந்த ஆண்டில் அதே விகிதம் எந்த மதிப்பெண்ணில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு அங்கிருந்து மேலே எண்ணத் தொடங்குங்கள்.