மூன்று அட்டைகளில் ஒரே மருந்து

மழைக்காலக் காய்ச்சல் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். காய்ச்சலில் படுத்திருப்பவர் 45 கிலோ எடையுள்ள ஒரு அம்மா. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை நாளைக்கு நான்கு போடுகிறார். மூக்கு ஒழுகுவதால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஜலதோஷ மாத்திரை மூன்று வேளை. முழங்கால் வலிக்கு எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்த ஸீரோடால்-பி வீட்டில் மிச்சம் இருந்தது. அதில் காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்றும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர், வெவ்வேறு தொந்தரவுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் அவர் அளவு மீறிப் போடவில்லை.

இப்போது அட்டைகளைத் திருப்பிப் படிப்போம். முதல் அட்டையில் பாராசிட்டமால் 650 மி.கி.; நான்கு மாத்திரைக்கு 2,600. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் உள்ள மருந்துகளோடு பாராசிட்டமால் 500 மி.கி. இருக்கும், மூன்றுக்கு 1,500. ஸீரோடால்-பி என்பதில் அந்தக் கடைசி எழுத்து பாராசிட்டமாலைக் குறிக்கிறது: அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., கூடவே பாராசிட்டமால் 325 மி.கி.; இரண்டுக்கு 650. கூட்டினால் ஒரு நாளைக்கு 4,750 மி.கி.

ஆரோக்கியமான, எடையுள்ள பெரியவருக்கே நாளைக்கு உச்சவரம்பு 4,000 மி.கி. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு வேளைக்குக் கிலோ ஒன்றுக்கு 15 மி.கி., நாளைக்கு நான்கு வேளை என்று கணக்குப் போடுவார்கள். 45 கிலோவுக்கு அது வேளைக்கு 675, நாளைக்கு 2,700. அதாவது காய்ச்சல் மாத்திரை நான்கிலேயே அந்த அம்மாவின் ஒரு நாள் அளவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மற்ற இரண்டு அட்டைகளிலிருந்து உள்ளே போனது முழுக்க உபரி.

ஒரே ஒரு நாள் இப்படி நடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிக்கல் நான்கைந்து நாள் தொடரும்போதுதான். காய்ச்சலில் அவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, அது இன்னும் மோசம். ஏன் என்று புரிய, கல்லீரலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியில் போய் நாப்கி என்ற நச்சுப்பொருளாகிறது. அதைக் குளூட்டத்தயோன் என்ற பொருள் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். சரியான அளவில் சாப்பிடும்வரை இந்த ஏற்பாடு பிசகாமல் ஓடும். அளவு கூடும்போது முதல் வழி நிரம்பிவிடுகிறது. இரண்டாவது வழியில் அதிகம் போகிறது, நாப்கி பெருகுகிறது, குளூட்டத்தயோன் இருப்பு கரைகிறது. பட்டினியும் சத்துக்குறைவும் அந்த இருப்பை முன்கூட்டியே குறைத்து வைத்திருக்கும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் இதே நிலைதான். இருப்பு தீர்ந்ததும் நாப்கி கல்லீரல் செல்களின் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்ள, செல்கள் சாகத் தொடங்குகின்றன.

இதில் எனக்குப் பெரிய கவலை, உடம்பு உடனே எதையும் காட்டிக்கொடுக்காது என்பதுதான். முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி, சோர்வு. காய்ச்சல்காரருக்கு அதெல்லாம் இருப்பதுதானே என்று விட்டுவிடுவார்கள். சிலருக்கு அதுகூட இருக்காது. இரண்டாம், மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் ஏறியிருக்கும். கண் மஞ்சளாகும்போது சேதம் வெகுதூரம் போயிருக்கும். இத்தனைக்கும் மாற்று மருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற அந்த மருந்து குளூட்டத்தயோன் இருப்பைத் திரும்ப நிரப்பும். மொத்தமாக விழுங்கி 8 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். ஒரே தடவையில் விழுங்கியவருக்கு, 4 மணி நேரம் கழித்து ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து மருத்துவர்கள் முடிவெடுக்கலாம். நம் அம்மாவைப் போல நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மொத்தம் எவ்வளவு போனது என்ற கணக்கையும், கல்லீரல் பரிசோதனையையும் நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, அட்டையில் எங்கே பார்ப்பது? பெரிய எழுத்தில் மின்னும் வணிகப் பெயரை விட்டுவிடுங்கள். டோலோ, குரோசின், கால்பால் என்று மூன்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான். ‘ஈச் டேப்லெட் கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரிக்குப் போங்கள். அதன்கீழ் மருந்தின் பெயர், ஐ.பி. என்ற இரண்டு எழுத்து, பிறகு மில்லிகிராம் எண் இருக்கும். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலைக் குறிப்பது, மருந்தின் பெயரில் சேராது. ஒன்றுக்கு மேற்பட்ட வரி இருந்தால் அது கூட்டு மாத்திரை. எல்லா வரியையும் படிக்க வேண்டும். உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று இருந்தால், அதுவும் பாராசிட்டமாலேதான். இலங்கையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பனடால் என்பார்கள்.

நம் ஊரில் ஒரு தனித் தொல்லை உண்டு. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டித்தருவார். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடும். பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித்தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உறையின்மேல் மருந்தின் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்குங்கள். ‘காய்ச்சல் மாத்திரை’ என்று மட்டும் எழுதித்தந்தால் பயனில்லை.

ஐபுப்ரோஃபென் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. இங்கே மில்லிகிராமைக் கூட்டிப் பயனில்லை, மருந்து எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனமிக் அமிலம் எல்லாம் ஐபுப்ரோஃபெனின் பங்காளிகள். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களை இவை தடுக்கின்றன. அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காக்கின்றன. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கின்றன. இந்தக் குடும்பத்தில் இரண்டை ஒன்றாகப் போட்டால் வலி நிவாரணம் பெரிதாகக் கூடாது. புண்ணும் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்புதான் கூடும். மலம் தார் போலக் கறுத்துப்போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொண்டு உடனே போக வேண்டும்.

பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் சேர்ப்பதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் வேலை செய்யும் வழி வேறு, உடம்பை விட்டுப் போகும் வழியும் வேறு. மருத்துவர்களே சேர்த்துத் தருவதுண்டு. காம்பிஃப்ளாம் மாத்திரையில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 என இரண்டும் இருக்கின்றன. ஆனால் அது போதவில்லை என்று கூடவே ஒரு 650 போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும். டைக்ளோஃபெனாக் போட்டால் மற்றது இரட்டிப்பாகும். நம் அம்மா முழங்காலுக்கு ஸீரோடால்-பி போடும் நாளில் காம்பிஃப்ளாமையும் போட்டால், ஒரே சமயத்தில் இரண்டும் இரட்டிப்பு.

அப்புறம், டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சல் என்னவென்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென் குடும்பமே வேண்டாம். டெங்குவில் ரத்தத்தட்டுகள் ஏற்கெனவே குறைந்து கொண்டிருக்கும். இந்த மருந்துகள் மிஞ்சியிருக்கும் தட்டுகளின் வேலையையும் கெடுத்து ரத்தக்கசிவைக் கூட்டும்.

கூட்டிப் பார்த்து அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலி அட்டைகள் உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை, எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை போட்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.