பெயர் வந்தால் போதுமா? பாடநூலில் சிறுபான்மைச் சமயங்களை அளந்து பார்த்த அனுபவம்

கிளிநொச்சியில் ஆசிரியர்கள் சிலருடன் சேர்ந்து, வரலாற்றுப் பாடநூல்களில் சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய சமயங்கள் எவ்வளவு நேர்மையாகக் காட்டப்படுகின்றன என்ற அறிக்கைக்காக வேலை செய்தபோது, நாங்கள் முதலில் செய்தது பெயர்களை எண்ணியதுதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் பௌத்தர் 70.1 வீதம், இந்துக்கள் 12.6, முஸ்லிம்கள் 9.7, கிறிஸ்தவர்கள் 7.6 வீதம் என்பதால், பாடநூலிலும் அதே விகிதம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். அது போதாது. அநுராதபுரக் காலத்தைப் பற்றிய பாடத்தை இன்றைய மக்கட்தொகையால் அளக்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, ஒரு சமயத்தவர் பத்து முறை குறிப்பிடப்பட்டும் ஒரு முறைகூட எதையும் செய்பவராக வராமல் போகலாம் என்பதே.

சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம் முதலிய சமய பாட நூல்களை ஒதுக்கிவைத்தோம், ஏனெனில் அவை அந்தந்தச் சமயப் பிள்ளைகளுக்காகவே எழுதப்படுபவை. எல்லாப் பிள்ளைகளும் படிப்பது வரலாறு. மற்றவர் சமயத்தைப் பற்றிய முதல் எண்ணம் பலருக்கு அங்கேதான் உருவாகிறது. அளவையின் அலகாக ஒரு வாக்கியத்தையோ ஒரு படத்தையோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்தோம். அந்தச் சமயத்தவர் செய்வோராக வருகிறார்களா, பின்னணியாக வருகிறார்களா? பேசப்படுவது கடந்த காலம் மட்டுமா, இன்றும் வாழும் வழக்கமா? படங்களுக்கும் இதே விதிதான். திருக்கேதீச்சரக் கோயிலின் கோபுரம் மட்டும் நிற்கும் படமும், அதன் தீர்த்தமான பாலாவியில் மக்கள் நீராடும் படமும் ஒரே குறியீட்டைப் பெற மாட்டா.

இருவர் ஒருவரையொருவர் கலந்து பேசாமல் ஒரே பாடத்தைக் குறியிட வேண்டும். பயிற்சிக்கு 40 அலகுகளை எடுத்துக்கொண்டோம். இருவரும் 'பின்னணி' என்றவை 30, இருவரும் 'செய்வோர்' என்றவை 4, முரண்பட்டவை 6. அந்த ஆறில் மூன்றை ஒருவரும் மற்ற மூன்றை மற்றவரும் 'செய்வோர்' என்றிருந்தனர். உடன்பாடு 85 வீதம் என்று மகிழ்ந்தோம். ஆனால் இருவருமே 40இல் 33ஐப் 'பின்னணி' என்று குறித்திருந்ததால், பாடத்தைப் பார்க்காமல் அதே விகிதத்தில் குறியிட்டிருந்தாலும் ஏறத்தாழ 71 வீத உடன்பாடு தற்செயலாகவே வந்திருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா இவ்வாறு வருகிறது:

```
(0.85 - 0.71) / (1 - 0.71) = 0.48
```

அறிக்கையொன்றில் முடிவு சொல்ல இது போதாது, குறைந்தது 0.7ஐயாவது எதிர்பார்ப்பது பொதுவான வழக்கம்.

முரண்பட்ட ஆறையும் எடுத்துவைத்துப் பார்த்தபோது மூன்று ஒரே வகையாக இருந்தன. 'துறைமுகத்தில் பள்ளிவாசல் ஒன்று அமைக்கப்பட்டது' என்பது போன்ற வாக்கியங்கள் அவை (இது பாடநூல் வாசகமன்று, வகையைக் காட்ட நான் எழுதியது). அமைத்தவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. ஒருவர் 'முஸ்லிம்கள்தானே கட்டியிருப்பார்கள்' என்று எண்ணிச் 'செய்வோர்' என்றார். மற்றவர் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தார். செயப்பாட்டு வினையில் செய்தவர் சொல்லப்படாவிட்டால் அதற்குத் தனிக் குறியீடு என்று விதியைத் திருத்தினோம். திருத்திய விதியை அதே பாடத்தில் சோதிக்கக் கூடாது. பேசித் தீர்த்த வாக்கியங்களில் உடன்பாடு கூடுவது இயல்பு. புதிய பாடம் ஒன்றையே எடுக்க வேண்டும்.

இன்னொரு சறுக்கல் தமிழுக்கே உரியது. 'எமது நாடு' என்ற தொடரைக் கண்ட ஒருவர், 'நமது' என்பதுதானே கேட்போரையும் உள்ளடக்கும், ஆகவே 'எமது' நம்மை விலக்குகிறது என்று குறித்துவிட்டார். இலக்கணப்படி அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் இலங்கையின் எழுத்துத் தமிழில் 'எமது' எல்லோரையும் சேர்த்தே வழங்குகிறது. தமிழர் தமிழருக்கு எழுதும் அறிவித்தலிலும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் குறியீட்டிலிருந்தே நீக்கினோம்.

வன்னியில் எங்களுக்கே உரிய குறையும் ஒன்றுண்டு. குழுவில் பெரும்பாலோர் சைவர்கள். நாட்டில் சிறுபான்மை, எங்கள் ஊர்களில் பெரும்பான்மை. சைவம் பின்னணியாக்கப்பட்ட இடத்தை உடனே கண்டுகொண்டவர்கள், முஸ்லிம்கள் வணிகர்களாக மட்டும் வரும் இடத்தைச் சாதாரணமாகக் கடந்தார்கள். மன்னாரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டும்வரை எவருக்கும் அது உறைக்கவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு சமயத்தைப் பற்றிய அலகுகளையும் குறியிடும் இருவரில் ஒருவராவது அச்சமயத்தவராகவும் மற்றவர் வேறு சமயத்தவராகவும் இருக்கும்படி மாற்றிக்கொண்டோம். அறிக்கையில் கப்பாவை மொத்தமாகத் தராமல், சமயவாரியாகப் பிரித்து, 0.7ஐ எட்டாத குறியீட்டின் எதிரே 'முடிவு சொல்லப்படவில்லை' என்று எழுதிவைத்தோம்.